கடைசிக் கிலோவின் மதிப்பு

2014 செப்டம்பர் 22. செவ்வாயை நெருங்கிக்கொண்டிருந்த மங்கள்யானின் முதன்மை எஞ்சின் 3.968 நொடி எரிந்து அணைந்தது. பூமியை விட்டுக் கிளம்பியபோது ஓடிய எஞ்சின் அது. அதன்பிறகு சுமார் 300 நாள் உறங்கிக் கிடந்தது. இரண்டு நாளில் அதை முழுமூச்சாக ஓட்டியாக வேண்டும். விழிக்குமா என்று பார்ப்பதற்குத்தான் இந்த நான்கு நொடிச் சோதனை. அதில் செலவான எரிபொருள் 0.567 கிலோ. விண்கலத்தின் வேகத்தில் ஏற்பட்ட மாற்றம் நொடிக்கு 2.18 மீட்டர்.

அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எரித்தால் இரண்டு மீட்டர் வேகம். அப்படியானால் ஒரு கிலோவுக்கு இத்தனை மீட்டர் என்று ஒரு விலை வைத்துக்கொண்டு, தொட்டியில் இருப்பதைப் பெருக்கினால் போதாதா? போதாது. ஒரு கிலோ எரிபொருள் எவ்வளவு வேகம் தரும் என்பது அது எப்போது எரிகிறது என்பதைப் பொறுத்தது. முதலில் எரியும் கிலோ குறைவாகத் தரும். கடைசியில் எரிவது அதிகமாகத் தரும். ராக்கெட்டின் கணக்கு முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது.

பரிசலும் கற்களும்

அசைவற்ற நீரில் ஒரு பரிசல். துடுப்பு இல்லை. பரிசலும் அதில் இருப்பவரும் சேர்ந்து 50 கிலோ. கூடவே ஆளுக்கு ஒரு கிலோவாக 50 கற்கள். மொத்தம் 100 கிலோ. நீரின் தடையை மறந்துவிடுவோம். அவர் ஒவ்வொரு கல்லாக எடுத்து, பரிசலிலிருந்து பார்க்க நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பின்பக்கம் வீசுகிறார். கல் பின்னே போகப் பரிசல் முன்னே நகரும்.

முதல் கல்லை வீசும்போது பரிசலின் எடை ஏறக்குறைய 100 கிலோ. எனவே கிடைக்கும் வேகம் பத்தில் நூறில் ஒரு பங்கு, அதாவது நொடிக்கு 0.1 மீட்டர். கடைசிக் கல்லை வீசும்போது மிச்சமிருப்பது 50 கிலோ சொச்சம்தான். அதே கல், அதே கைவேகம். ஆனால் கிடைப்பது 0.2 மீட்டர், இரண்டு மடங்கு. முதல் கல் தன்னைத் தவிர மீதி 49 கற்களையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருந்தது. கடைசிக் கல்லுக்கு அந்தச் சுமை இல்லை.

ஐம்பது கற்களின் பங்கையும் கூட்டினால் நொடிக்குச் சுமார் 7 மீட்டர் வரும். இன்னும் 7 மீட்டர் வேண்டுமென்றால் இன்னொரு 50 கல் போதுமா? போதாது. புதிதாக ஏற்றும் கற்கள் பழைய 100 கிலோ முழுவதையும் தள்ளியாக வேண்டும். எனவே இன்னும் 100 கல் வேண்டும். மூன்றாவது 7 மீட்டருக்கு 200. வேகம் 7, 14, 21 என்று கூட்டலில் ஏறுகிறது. மொத்த எடையோ 100, 200, 400 என்று பெருக்கலில் ஏறுகிறது.

கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் இடையே பாலம் போடுவது பள்ளியில் படித்த மடக்கை. ரஷ்யாவின் கலூகா நகரில் ஆசிரியராக இருந்த கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி, சிறுவயதிலேயே செவித்திறனைப் பெரிதும் இழந்தவர், இதை ஒரே வரியில் எழுதி 1903இல் வெளியிட்டார்:

Δv = vₑ × ln(m₀ / m₁)

Δv என்பது ராக்கெட்டுக்குக் கிடைக்கும் வேக மாற்றம். vₑ என்பது எஞ்சினிலிருந்து வாயு வெளியேறும் வேகம்; பரிசல்காரரின் கைவேகம் போல. m₀ எரிப்பதற்கு முந்தைய எடை, m₁ எரித்த பிந்தைய எடை. ln என்பது இயல் மடக்கை. பரிசலில் 100ஐ 50ஆல் வகுத்தால் 2. அதன் மடக்கை 0.693, பத்தால் பெருக்கினால் 6.93 மீட்டர். நாம் கல் கல்லாகக் கூட்டியது இதைத்தான்.

இந்த வரியில் எத்தனை கிலோ எரித்தோம் என்பது தனியாக வரவே இல்லை. முன் எடைக்கும் பின் எடைக்கும் உள்ள விகிதம்தான் வருகிறது. எரிய எவ்வளவு நேரம் ஆனது என்பதும் இல்லை.

மங்கள்யானின் வரவு செலவு

2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய மங்கள்யானின் எடை 1,337 கிலோ. அதில் 852 கிலோ எரிபொருள். எரிக்க உதவும் ஆக்சிஜனேற்றியையும் சேர்த்தே இப்படிச் சொல்கிறேன். வெறும் கலம் 485 கிலோ. திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்த சுப்பையா அருணன் அந்தத் திட்டத்தின் இயக்குநர். முதன்மை எஞ்சினின் உந்துவிசை 440 நியூட்டன். பூமியில் 45 கிலோ மூட்டையைத் தாங்கும் அளவு. அதற்குத் துணையாக எட்டுச் சிறு எஞ்சின்கள். எல்லாவற்றையும் சேர்த்து, வாயு வெளியேறும் சராசரி வேகத்தை நொடிக்கு 2,900 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கைத் திறப்போம்.

கிளம்பிய அன்று எரியும் முதல் கிலோ தருவது 2,900ஐ 1,337ஆல் வகுத்தால் வருவது: நொடிக்கு 2.2 மீட்டர்.

பூமியைச் சுற்றியபடியே பாதையைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டு, டிசம்பர் 1 நள்ளிரவு தாண்டி, பூமியின் பிடியிலிருந்து விலகுவதற்காக எஞ்சின் 22 நிமிடம் எரிந்தது. அப்போது கலத்தின் எடை ஏறக்குறைய 975 கிலோ. செலவு 198 கிலோ. விகிதம் 1.255, அதன் மடக்கை 0.227. நம் சூத்திரம் சொல்வது நொடிக்கு 658 மீட்டர்; உண்மையில் கிடைத்தது 648.

அடுத்து 2014 செப்டம்பர் 24. செவ்வாயின் ஈர்ப்பில் சிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கலத்தைத் திருப்பி, போகும் திசைக்கு எதிராக எஞ்சினை எரித்தார்கள். வேகம் கூடினாலும் குறைந்தாலும் சூத்திரம் ஒன்றுதான். வாயுவை எந்தப் பக்கம் விடுகிறோம் என்பதே வேறுபாடு. இந்த முறை எரிந்தது 23 நிமிடம், செலவு 249.5 கிலோ, வேக மாற்றம் நொடிக்கு 1,099 மீட்டர்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எரிபொருள் கால் பங்கு கூடியது. கிடைத்த வேகமோ எழுபது சதவீதம் கூடியது. பூமியை விட்டுக் கிளம்பியபோது ஒரு கிலோவுக்கு 3.3 மீட்டர், செவ்வாயில் 4.4 மீட்டர். எஞ்சின் மாறவில்லை, எரிபொருள் மாறவில்லை. கலம் இளைத்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த நான்கு நொடிச் சோதனைக்கும் இப்போது வேறொரு பொருள் கிடைக்கிறது. வேக மாற்றமான 2.18ஐ 2,900ஆல் வகுத்தால், எரிந்த 0.567 கிலோ மொத்த எடையில் எத்தனை பங்கு என்று தெரியும். அதிலிருந்து கலத்தின் எடை சுமார் 754 கிலோ என்று வருகிறது. வெறும் கலம் 485, செவ்வாயில் எரிந்தது 250, அதன்பின் மிஞ்சியது சுமார் 40 என்று கூட்டினால் 775. மூன்று சதவீத வித்தியாசம். கைக்கணக்குக்கு இது நெருக்கம்தான். தராசு இல்லாத இடத்தில் எஞ்சினே தராசாகிவிடுகிறது.

நின்றுபோன எஞ்சின்

கணக்கு தப்பினால் எப்படித் தெரியும்? 2013 நவம்பர் 11 அதிகாலை, பூமியைச் சுற்றும் பாதையை நான்காவது முறையாக நீட்டினார்கள். வேண்டியது நொடிக்கு 130 மீட்டர், கிடைத்தது 35. எரிபொருள் வால்வைத் திறக்கும் மின்சுருள்கள் இரண்டு: ஒன்று முதன்மை, மற்றது மாற்று. இரண்டையும் ஒருசேர இயக்கிப் பார்த்தபோது முதன்மை எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் நின்றுவிட்டது. சிறு எஞ்சின்கள் மட்டும் தள்ளிக்கொண்டிருந்தன.

எஞ்சின் எத்தனை நிமிடம் ஓடியது என்று கடிகாரத்தை மட்டும் நம்பியிருந்தால் எல்லாம் சரி என்றே தோன்றியிருக்கும். கலத்தில் இருக்கும் முடுக்கமானி, ஒவ்வொரு கணமும் கிடைக்கும் உந்துதலைக் கூட்டி வேக மாற்றத்தைச் சொல்கிறது. பாதையின் தொலைமுனை ஒரு லட்சம் கிலோமீட்டரை எட்டாமல் 78,276இல் நின்றதும் அதையே சொன்னது. எரியாத எரிபொருள் தொட்டியிலேயே பத்திரமாக இருந்தது. மறுநாள் மீண்டும் எரித்து 124.9 மீட்டரைச் சேர்த்தார்கள். தொலைமுனை 1,18,642 கிலோமீட்டருக்குப் போனது.

சூத்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றையும் பூமியின் ஈர்ப்பையும் அது கணக்கில் கொள்வதில்லை. தரையிலிருந்து சுற்றுப்பாதைக்கு ஏற நொடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். வழியில் அந்த இரண்டும் பறிப்பதையும் சேர்த்தால் 9 கிலோமீட்டருக்கு மேல். வாயு வெளியேறும் வேகம் 3 கிலோமீட்டர் என்றால், நூறில் 95 பங்கு எரிபொருளாக இருக்க வேண்டும். தொட்டி, எஞ்சின், செயற்கைக்கோள் எல்லாம் மீதி 5 பங்கில். இதனால்தான் மங்கள்யானைச் சுமந்த 320 டன் பிஎஸ்எல்வி நான்கு அடுக்குகளாக இருந்தது. காலியான அடுக்கைக் கழற்றி எறிவது, அடுத்த அடுக்குக்கான விகிதத்தை உயர்த்துவதற்காக.

மிஞ்சிய நாற்பது

செவ்வாயை அடைந்தபோது தொட்டியில் இருந்த சுமார் 40 கிலோவுக்கு வருவோம். கிளம்பிய அன்று அதே 40 கிலோவை எரித்திருந்தால் நொடிக்கு 88 மீட்டர்தான் கிடைத்திருக்கும். 525 கிலோவாக இளைத்துவிட்ட கலத்தில் அதன் மதிப்பு 230 மீட்டர்.

அந்த மதிப்பு 2017இல் கைகொடுத்தது. செவ்வாயின் நிழலில் கலம் தொடர்ந்து 8 மணி நேரம் வரை வெயில் படாமல் கிடக்க நேரும் என்று தெரிந்தது. அதன் மின்கலம் தாங்குவதோ 1 மணி 40 நிமிடம். ஜனவரி 17 அன்று எட்டுச் சிறு எஞ்சின்களும் சேர்ந்து எரிந்தன. செலவு 20 கிலோ. பாதையை மாற்றிய வேகம் நொடிக்கு 97.5 மீட்டர். பூமியை விட்டுக் கிளம்பிய நாளில் அந்த 20 கிலோ இதில் பாதியைக்கூடத் தந்திருக்காது. நீண்ட நிழல் விலகியது. மிச்சம் 13 கிலோ.

ஆறு மாதத்துக்கென்று அனுப்பிய மங்கள்யான் அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டு பேசியது. 2022 ஏப்ரலில் இன்னொரு நீண்ட நிழல் வந்தது. இந்த முறை ஒதுங்க முடியவில்லை.