"யாருப்பா எழுதிக் குடுத்தா?"

போன வருஷம் அப்பாவுக்கு 50வது பிறந்தநாள். எனக்கு செமஸ்டர் எக்ஸாம், ஊருக்குப் போக முடியல. சரி, வாய்ஸ் நோட் அனுப்பலாம்னு இப்படி எழுதி வச்சுப் படிச்சேன்:

"என் அன்பான அப்பாவுக்கு இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள். எனது கல்லூரிக் கட்டணத்திற்காகத் தங்கள் வண்டியை விற்ற உங்களை நான் என்றும் மறக்க மாட்டேன்."

அப்பா போன் பண்ணார். "நல்லா இருந்துச்சுப்பா. யாரு எழுதிக் குடுத்தா?"

எழுத்துல பார்த்தா அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா 'அன்பான அப்பாவுக்கு' கடுதாசியோட தலைப்பு. வீட்ல 'அப்பா'ன்னு கூப்பிட்டா போதும். 'நல்வாழ்த்துகள்' ஃபிளெக்ஸ் பேனர்ல இருக்கிற வார்த்தை. நாம வாயால சொல்றது 'ஹேப்பி பர்த்டே'தான்.

இதெல்லாம் சுலபமா மாத்திடலாம். 'விற்ற' என்பதை 'வித்த'ன்னு மாத்தினாலும் ஒட்டாம இருக்கும், ஏன்னா சிக்கல் வாக்கிய அமைப்புல இருக்கு. 'கட்டணத்திற்காக வண்டியை விற்ற உங்களை'ன்னு எழுத்துத் தமிழ் நடந்த கதை மொத்தத்தையும் ஒரு சொல்லுக்கு முன்னாடி அடுக்கும். படிக்கிறவர் கண்ணைத் திருப்பி மறுபடி பார்க்கலாம். கேட்கிறவர் 'உங்களை' வர்ற வரைக்கும் எல்லாத்தையும் மனசுல பிடிச்சு வச்சிருக்கணும். பேசும்போது நாம அப்படி அடுக்கறதில்ல. வினையை முதல்ல சொல்லிட்டு, விட்டுப்போனதைப் பின்னாடி ஒட்டுவோம்: "வண்டிய வித்தீங்கள்ல, என் ஃபீஸுக்கு." இலக்கண வகுப்புல வினை கடைசியில வரணும்னு படிச்சிருப்போம். வாய் அதைக் கேட்காது!

இன்னொரு விஷயம், பேச்சுத் தமிழ்லயே எழுதி வச்சாலும் பார்த்துப் படிச்சா குரல் காட்டிக் குடுத்துடும். 'தெரியும்ப்பா'ல அந்த 'ப்பா'வை வேணும்னே அழுத்துவோம். அதனால முழு வாக்கியம் எழுதாதீங்க. இந்த வருஷம் நான் உள்ளங்கையில எழுதினது வண்டி, ஃபீஸ், அன்னிக்கு, இந்த மூணு வார்த்தைதான். வாட்ஸ்அப்ல மைக்கை அழுத்தி மேல தள்ளி லாக் பண்ணிட்டா விரல் ஃப்ரீ. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டும் கேட்கலாம். எங்க நமக்கே கூச்சமா இருக்கோ, அங்க எழுத்துத் தமிழ் ஒளிஞ்சிருக்கும்.

மூணாவது டேக்ல வந்தது இது:

"அப்பா... ஹேப்பி பர்த்டே ப்பா. சாப்டீங்களா? ஒண்ணு சொல்லணும்னு நெனச்சுட்டே இருந்தேன். வண்டிய வித்தீங்கள்ல, என் ஃபீஸுக்கு... அன்னிக்கு நான் ஒண்ணுமே சொல்லல. தெரியும்ப்பா எனக்கு, அது உங்களுக்கு எவ்ளோ பிடிக்கும்னு. அவ்ளோதான். வச்சிடறேன்."

வாய்ஸ் நோட்ல எதை வைக்கிறது? ஆனா வாய் அப்படித்தான் முடிச்சுது, நானும் வெட்டல. 'என்றும் மறக்க மாட்டேன்' தானா காணாமப் போயிருந்துச்சு.

ப்ளூ டிக் உடனே வந்துச்சு. பதில் ராத்திரிதான். அப்பா இதுவரைக்கும் அனுப்பின ஒரே வாய்ஸ் நோட், நாலு செகண்ட்: "சாப்டேன்ப்பா. நீ சாப்டியா?"