உங்களுக்குத் தெரியுமா?

தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் பைக்கில் போய்வருபவருக்கு வலது கன்னம்தான் அதிகம் கறுக்கும். காலையில் வடக்கு நோக்கிப் போகும்போது கிழக்கு வெயில் வலப்பக்கம் விழுகிறது. மாலையில் தெற்கே திரும்பும்போது மேற்கு வெயிலும் அதே பக்கம்தான். வடக்கே வீடு, தெற்கே வேலை என்றால் இடது கன்னம்.

இதற்கு முதல் காவல் ஹெல்மெட் கண்ணாடி. பாலிகார்பனேட்டில் செய்த நிறமற்ற கண்ணாடியே புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கறுப்புக் கண்ணாடி தேவையில்லை. ஆனால் புழுக்கத்துக்காக ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டால் அந்தப் பலன் போய்விடும்.

அடுத்தது சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ளதை, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகத்திலும் கழுத்திலும் காதிலும் தடவுங்கள். கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பே தடவ வேண்டும். காலையில் பூசியது மாலை வரை நிற்காது. வியர்வையும் ஹெல்மெட் பஞ்சும் துடைத்துவிடும். வீடு திரும்பும்முன் முகம் கழுவி மறுபடி பூசுங்கள்.

தொப்பி, வண்டியை நிறுத்திவிட்டு நடக்கும்போது மட்டுமே. ஓட்டும்போது தலையில் ஹெல்மெட்தான் இருக்க வேண்டும்.