53-க்காகக் காத்திருந்த இத்தாலி

வெனிஸ் லாட்டரியில் 53 என்ற எண் 2003 மே மாதத்துக்குப் பிறகு வரவே இல்லை. "இனி வந்தே தீரும்" என்று இத்தாலியர்கள் சேமிப்பையெல்லாம் அதில் கொட்டினார்கள். கட்டிய பணம் 300 கோடி யூரோவைத் தாண்டியது. குடும்பங்கள் சிதைந்தன, உயிர்களும் போயின. 2005 பிப்ரவரியில்தான் 53 வந்தது.

ஒவ்வொரு குலுக்கலிலும் 90 எண்களில் 5 எடுக்கப்படும். அதாவது 53 வர 18-ல் ஒரு வாய்ப்பு. நூறு முறை வராமல் போனாலும் அடுத்த முறை அதே 18-ல் ஒன்றுதான். ஏனென்றால், ஒவ்வொரு முறையும் 90 எண்களும் மறுபடி உள்ளே போகின்றன. அடிக்கடி வரும் எண்ணை ராசியானது என்று துரத்துவதும் இதே பிழைதான். பழைய குலுக்கல் புதியதைத் தொடுவதில்லை. கூடைப்பந்து வீரர் விஷயம் வேறு. அவர் மனிதர், தொடர்ந்து கூடையில் போட்டவரின் உடலும் மனமும் அடுத்த வீச்சில் சற்றே மாறியிருக்கலாம்.