கடைக்கு மகள் பெயரை வைக்கலாமா?

மெர்சிடிஸ் என்பது 10 வயதுச் சிறுமி ஒருத்தியின் பெயர். அவளுடைய அப்பா எமில் ஜெல்லினெக் ஆஸ்திரியாவைச் சேர்ந்த வியாபாரி. பிரான்சின் நீஸ் நகரில் இருந்துகொண்டு செல்வந்தர்களுக்கு டைம்லர் கார்களை விற்றுவந்தார். கார் பந்தயங்களில் பெயர் கொடுக்கும்போதுகூட மகள் பெயரையே தன் புனைபெயராக எழுதுவார். 1900-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் டைம்லர் நிறுவனத்திடம் 36 கார்களை வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டு, வரப்போகும் புது எஞ்சினுக்கு மகள் பெயரை வைக்கவும் உடன்பாடு செய்துகொண்டார். வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த அந்த வண்டி 1901 மார்ச்சில் நீஸ் நகரப் பந்தயங்களில் மற்ற வண்டிகளைப் பின்னுக்குத் தள்ளியது. 1902-ல் ‘மெர்சிடிஸ்’ டிரேட்மார்க் ஆகப் பதிவானது. உரிமையாளர், டைம்லர் நிறுவனம்.

மறு ஆண்டு அப்பா தன் பெயரையே ஜெல்லினெக்-மெர்சிடிஸ் என்று மாற்றிக்கொண்டார். மகள் 1929-ல், 40 வயதை எட்டும் முன்பே, வியன்னாவில் இறந்துபோனாள். அவள் பெயர் அதற்கு 3 ஆண்டுகள் முன்பே பென்ஸ் என்ற இன்னொரு பெயரோடு இணைக்கப்பட்டு, அவளைக் கேட்காமலே உலகம் சுற்றிக்கொண்டிருந்தது.

மளிகைக்கடையோ மெஸ்ஸோ ஜவுளிக்கடையோ, தொடங்குகிறவர் பிள்ளையின் பெயரைப் போர்டில் எழுதுவது நம் ஊரில் சாதாரணம். அதில் பாசம் இருக்கிறது, ராசி என்ற நம்பிக்கையும் இருக்கிறது. இரண்டையும் யாரும் குறைசொல்லத் தேவையில்லை. ஆனால் போர்டு எழுதும் நாளில் யாரும் கேட்காத சில கேள்விகள், 20 ஆண்டு கழித்து வக்கீல் அலுவலகத்தில் கேட்கப்படுகின்றன. அவற்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கடைக்கு மகள் பெயரை வைத்தால் கடை அவளுக்குச் சொந்தமாகுமா?

ஆகாது. ஈரோட்டில் ஒருவர் ‘கவிதா டெக்ஸ்டைல்ஸ்’ தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி பதிவில் இரண்டு பெயர்கள் இருக்கும். சட்டப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர். வணிகப் பெயர் என்ற இடத்தில் கவிதா டெக்ஸ்டைல்ஸ். கடன், வரி, லாபம், நஷ்டம் எல்லாம் முதல் பெயருக்கு உரியவருடையது. 6 வயதுக் கவிதாவுக்கு அதில் உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை. அவளைப் பங்குதாரராகச் சேர்க்க நினைத்தாலும் 18 வயது ஆகாதவரை முழுப் பங்குதாரராக்கச் சட்டம் இடம் தராது. மற்றப் பங்குதாரர்கள் எல்லோரும் சம்மதித்தால் லாபத்தின் பலனை மட்டும் அவளுக்குத் தரலாம்.

சிக்கல் அப்பாவின் காலத்துக்குப் பிறகு வருகிறது. அவர் தனி உரிமையாளர், இந்து, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால் அவருடைய மற்றச் சொத்துகளைப் போலவே கடையும், அதன் நற்பெயரும், டிரேட்மார்க் இருந்தால் அதுவும் மனைவி, பிள்ளைகள், உயிரோடு இருந்தால் அவருடைய தாய் ஆகிய எல்லோருக்கும் சமமாகப் போகும். கவிதாவின் தம்பிக்கும் அவளுக்கு உள்ள அதே பங்குதான். பெரும்பாலும் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பது தம்பியாக இருக்கும். கவிதா திருமணமாகி சேலத்தில் இருப்பாள். அவள் அங்கே தன் பெயரில் ஒரு ஜவுளிக்கடை தொடங்கினால் தம்பி தடுக்க முடியுமா?

இந்த இடத்தில் டிரேட்மார்க் சட்டத்தின் 35-ஆவது பிரிவு குறுக்கே வருகிறது. ஒருவர் தன் சொந்தப் பெயரை நேர்மையான முறையில் தொழிலுக்குப் பயன்படுத்தினால், பதிவு பெற்ற குறியின் உரிமையாளர்கூட அதில் தலையிட முடியாது என்கிறது அது. ஆக, கவிதாவுக்கு வாதம் இருக்கிறது. அவள் அப்பா கடையின் எழுத்து வடிவத்தையும் நிறத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு, ஈரோட்டுக் கடையின் கிளை என்று வாடிக்கையாளர் நினைக்கும்படி செய்தால் அந்த நேர்மை அடிபட்டுப் போகும், வாதமும் பலவீனமாகும். அக்காளும் தம்பியும் எதிரெதிரே நிற்பதற்கு இவ்வளவு போதும்.

பிள்ளையின் பெயர்தானே, வேறு யார் தடுக்க முடியும்?

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். 35-ஆவது பிரிவு காப்பாற்றுவது தொழில் செய்பவரின் சொந்தப் பெயரையும், அவருக்கு முன் அதே தொழிலை நடத்தியவரின் பெயரையும். பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. மகளுக்கு ப்ரீத்தி என்று பெயர் இருப்பதால் அப்பா ‘ப்ரீத்தி’ மிக்ஸி விற்க முடியாது. பிரியா என்று பெயர் இருப்பதால் ‘பிரியா’ ஊறுகாய் போட முடியாது. அந்தப் பெயர்கள் அந்தந்தப் பொருளில் ஏற்கெனவே வேரூன்றியவை. பிறப்புச் சான்றிதழைக் காட்டுவது இங்கே பதிலாகாது.

சொந்தப் பெயர் என்ற வாதமும் குடும்பத்துக்கு உள்ளே ஒரு மாதிரியும் வெளியே வேறு மாதிரியும் எடுபடுகிறது. குஜராத்தின் ‘மகேந்திரா அண்ட் மகேந்திரா’ காகித ஆலைக்கு எதிராக மஹிந்திரா அண்ட் மஹிந்திரா தொடுத்த வழக்கில், பல பத்தாண்டுப் பயன்பாட்டால் அந்தப் பெயர் மக்கள் மனத்தில் ஒரே நிறுவனத்தைக் குறிப்பதாகிவிட்டது என்பதை ஏற்று, ஆலைக்கு விதிக்கப்பட்ட தடையை 2001-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் ராக்யான் என்ற குடும்பப் பெயரில் நகைத்தொழில் செய்த உறவினர்களுக்கிடையே நடந்த வழக்கில், இரு தரப்பும் தங்கள் பெயரைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2014-ல் அதே நீதிமன்றம் தடையை நீக்கியது. குடும்பப் பெயரைக் கடைக்கு வைக்கிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும்: ஊர்க்காரனைத் தடுக்க முடிந்தாலும், பெரியப்பா மகனைத் தடுப்பது கடினம்.

ஆகவே போர்டு எழுதும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்ப்பது. பொருளுக்கு ஏற்ற வகுப்பில் தேட வேண்டும்: ஆயத்த ஆடைக்கு 25, கடை நடத்தும் சேவைக்கு 35, இனிப்புக்கு 30. ஒரே எழுத்தில் எழுதியதை மட்டும் பார்த்தால் போதாது. காதில் ஒன்றுபோல் விழும் பெயர்களையும் பார்க்க வேண்டும். கவிதா, கவித்தா, சவிதா மூன்றையும். பெயர் காலியாக இருந்தால் தனிநபர் ஒருவர் ஒரு வகுப்புக்கு இணையவழியில் 4,500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். குறி இதழில் வெளியான பிறகு 4 மாதம் வரை யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

தாத்தா பாட்டி பெயரை வைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. உயிரோடு இருப்பவரோடு, அல்லது இறந்து 20 ஆண்டு ஆகாதவரோடு, இல்லாத தொடர்பை ஒரு குறி காட்டுவதாகப் பதிவாளருக்குத் தோன்றினால், அவருடைய அல்லது அவருடைய சட்ட வாரிசுகளின் எழுத்துபூர்வ சம்மதத்தை அவர் கேட்கலாம். தாத்தாவின் வாரிசுகளில் அத்தைகளும் சித்தப்பாக்களும் உண்டு. எல்லோரும் பேச்சுவார்த்தையில் இருக்கும்போதே ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது.

பிள்ளைக்கு இதனால் என்ன?

1969 நவம்பரில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் டேவ் தாமஸ் ஒரு ஹாம்பர்கர் கடை திறந்தார். 8 வயது மகள் மெலிண்டா லூவை வீட்டில் வெண்டி என்று கூப்பிடுவார்கள்; அவள் பெயரை அண்ணன் அக்காக்களுக்குச் சரியாகச் சொல்ல வராததால் ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர் அது. அதுவே கடைக்கும் ஆனது. செம்பட்டைத் தலையில் இரட்டைப் பின்னலோடு அவள் முகம் ஆயிரக்கணக்கான கடைகளின் முகப்பில் ஏறியது. உன் பெயரை வைத்து உன்மேல் சுமையை ஏற்றிவிட்டேன், என் பெயரையே வைத்திருக்கலாம் என்று தாமஸ் பிற்காலத்தில் மகளிடம் வருந்தியதை அந்த மகளே சொல்லியிருக்கிறார்.

அது வெற்றி பெற்ற கடையின் கதை. சின்ன ஊரில் கடை நொடித்துப் போனால், பாக்கி கேட்டு வருபவர்களும் தரமில்லை என்று ஏசுபவர்களும் உச்சரிக்கும் பெயர் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையின் பெயராக இருக்கும். கடையை விற்றாலும் வாங்குகிறவர் பெயரோடுதான் கேட்பார். அந்தப் பெயருக்குத்தானே விலை. முன்பின் தெரியாத ஒருவர் மகளின் பெயரில் வியாபாரம் செய்வதை ஏற்க முடியுமா என்று அப்பா முன்பே யோசித்திருக்க வேண்டும். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு, “என் பேர்ல ஏன்ப்பா கடை இல்ல?” என்று அது கேட்கும் கேள்விக்கும் பதில் வேண்டும்.

பாசமும் விடக்கூடாது, சிக்கலும் வரக்கூடாது என்றால்?

பெயரை உடைத்து வார்த்தவர்கள் நன்றாகச் செய்திருக்கிறார்கள். குஜராத்தில் கர்சன்பாய் படேல் 1969-ல் வீட்டில் கலந்து சைக்கிளில் கொண்டுபோய் விற்ற சலவைத் தூளுக்கு, தன் மகள் நிருபமாவின் நினைவாக ‘நிர்மா’ என்று பெயர் வைத்தார். நிருபமாக்கள் பலர், சலவைத் தூளில் நிர்மா ஒன்றுதான். கடலூரின் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து 1983-ல் ஷாம்பு தொடங்கியபோது, அப்பா சின்னிகிருஷ்ணனின் பெயரைச் சுருக்கி ‘சிக்’ என்றார். அந்த அப்பா மற்ற மகன்களுக்கும் அப்பாதான். முழுப் பெயருக்கு அவர்களும் உரிமை சொல்ல முடியும். ‘சிக்’ என்ற சொல்லோ அவர் உண்டாக்கியது. இப்படி வார்த்த பெயர் பதிவாவது எளிது, காப்பதும் எளிது. மகள் வளர்ந்து தன் முழுப் பெயரோடு தன் வழியில் போகவும் அது தடையாக இருக்காது.

ஏற்கெனவே வைத்தாயிற்றே?

போர்டைக் கழற்ற வேண்டியதில்லை. டிரேட்மார்க் இல்லையென்றால் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். கடை தொடங்கிய ஆண்டின் பில், வாடகை ஒப்பந்தம், பழைய விளம்பரம் இவற்றைத் தேடி எடுத்து வைத்தால் முதலில் பயன்படுத்தியவர் யார் என்ற கேள்விக்கு அவை சாட்சி. அடுத்தது உயில். “என் கடை” என்று பொதுவாக எழுதாமல், பதிவெண்ணைக் குறித்து அந்தப் பெயர் யாருக்கு என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். கடை மகனுக்கும் பெயர் மகளுக்கும் என்றால், மகன் எந்த ஊரில், எந்தப் பொருளுக்கு, எவ்வளவு காலம் அதைப் பயன்படுத்தலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். அப்பாவின் காலத்துக்குப் பிறகு டிஎம்-பி என்ற படிவத்தில் விண்ணப்பித்து உரிமை மாற்றத்தைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை பதிவகத்தைப் பொறுத்தவரை உரிமையாளர் அப்பாதான்.