ஓமந்தைச் சாவடியில் நால்வர்: சிறுகதைக் கைப்பிரதியில் உரையாடலைத் திருத்துதல்

ஈழத்துப் புனைகதையில் மக்களின் பேச்சு மொழி இடம்பெறலாமா என்ற வினா 1960களின் மரபுப் போராட்டத்தில் காரசாரமாக விவாதிக்கப்பட்டது. பேச்சு வழக்கை எழுதுதல் இழிசனர் வழக்கை இலக்கியமாக்குவதாகும் என ஒரு சாராரும், மக்களைப் பற்றி எழுதுவோர் மக்கள் மொழியை ஒதுக்க முடியாது என மறுசாராரும் வாதிட்டனர். இரண்டாவது அணியின் கருத்தே நிலைபெற்றது. 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ வன்னிக் கிராம வாழ்வை நாவலுலகிற்குக் கொண்டுவந்தபோது அவ்வுரிமை ஏறத்தாழ ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. ஆனால் உரிமை கிடைத்ததனால் மட்டும் பணி முடிந்துவிடவில்லை. எவருக்கு எந்தப் பேச்சைக் கொடுப்பது என்ற வினா ஒவ்வொரு கைப்பிரதியிலும் புதிதாக எழுகின்றது. அதனை ஓர் எடுத்துக்காட்டின் வழியாக நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

எடுத்துக்காட்டுக்கென நாம் அமைத்துக்கொண்ட கதை ஓமந்தையில் நிகழ்கின்றது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, வவுனியாவிலிருந்து வடக்கே செல்வோர் ஓமந்தையில் இராணுவச் சாவடியைக் கடந்து, இடைவெளிப் பிரதேசத்திற்கு அப்பால் புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளின் சாவடிக்குச் செல்லவேண்டியிருந்தது. கதையின் காலம் 2004. வரிசையில் நிற்போருள் மூவரைக் கதை தெரிந்தெடுக்கின்றது. எழுபது வயதான ஓமந்தை வயற்காரி ஒருத்தி. ஐம்பத்தைந்து வயதான யாழ்ப்பாண ஆசிரியர் ஒருவர். தாயோடு நிற்கும் இருபத்துநான்கு வயது இளைஞன் ஒருவன். இளைஞனின் பெற்றோர் 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். நான்காமவன் சாவடியில் நிற்கும் சிங்களச் சிப்பாய். முதற் கைப்பிரதியில் அவர்களின் உரையாடல் இவ்வாறு அமைகின்றது:

“எங்கே செல்கிறீர்கள், ஆச்சி?” என்று ஆசிரியர் வினவினார்.

“என்ர மோள் கிளிநொச்சி ஆசுப்பத்திரியிலை கிடக்கிறாள் மோனை. ரண்டு மாதமா நெஞ்சு வருத்தம். அவளுக்குச் சுடுதண்ணியும் சோறும் கொண்டு போறன்.”

“நானும் கிளிநொச்சிக்குத்தான் போறன் ஆச்சி. என்ர தாய் தேப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்திலை மலையகத்திலையிருந்து வந்து இஞ்சை குடியேறினவை. நான் இஞ்சைதான் பிறந்தனான்,” என்றான் இளைஞன்.

“அடையாள அட்டையைத் தா! எங்கே போகிறாய்?” எனச் சிப்பாய் அதட்டினான்.

இவ்வுரையாடலைத் திருத்துவதன் முதற்படி, ஒவ்வொரு பாத்திரத்தின் பேச்சையும் கதையிலிருந்து பிரித்துத் தனித்தனித் தாள்களில் எழுதிக்கொள்வதாகும். ‘என்றான்’, ‘வினவினார்’ என்பன நீங்கிய நிலையில் தாள்களை வாசித்தால் குறைகள் தாமாகவே வெளிப்படும். இங்கு ஆச்சியின் தாளும் இளைஞனின் தாளும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. ஆசிரியரின் தாளோ எழுத்து மொழியில் இருக்கின்றது. வயற்காரிக்குப் பேச்சு வழக்கையும் படித்தவருக்குச் செந்தமிழையும் கொடுக்கும் இப்பழக்கம் இயற்கைக்கு மாறானது. யாழ்ப்பாண ஆசிரியரும் வரிசையில் நின்று ‘செல்கிறீர்கள்’ எனக் கதைப்பதில்லை. அதனினும் முக்கியமாக, வழக்கு என்பது படியாதவரின் அடையாளம் என்ற பழைய தரவரிசையை ஆசிரியன் அறியாமலே அது மீண்டும் நிறுவிவிடுகின்றது. மரபுப் போராட்டத்தில் முன்வாசலால் வெளியேற்றப்பட்ட கருத்துப் பின்வாசலால் நுழையும் இடம் இதுவேயாகும். எனவே ஆசிரியருக்கும் பேச்சு வழக்கே உரியது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்கிறோம்.

இரண்டாவது படி, யார் யாரை எவ்வாறு விளிக்கின்றனர் என்பதை வரையறுத்தல். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் முன்னிலையில் நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உண்டு. மலையகப் பேச்சில் பெரும்பாலும் நீ, நீங்க என்ற இரண்டே வழங்குகின்றன. கைப்பிரதியில் ஆச்சி ஆசிரியரை ‘மோனை’ என்கிறாள். பேரன் வயதினனுக்குப் பொருந்தும் அவ்விளி ஐம்பத்தைந்து வயதினருக்குப் பொருந்தாது. ‘ஐயா’ எனலாமா? அவ்வாறு விளித்தால் அவள் தன்னைத் தாழ்ந்தவளாகக் கொள்கிறாள் என்றாகிவிடும். சொந்த வயலை உழுவித்து வாழ்ந்த இவள் அப்படிப்பட்டவள் அல்லள். ஆகவே ‘தம்பி’ என்ற விளியையும் ‘நீர்’ என்ற படியையும் தெரிந்துகொள்கிறோம். ஆசிரியர் அவளை ‘ஆச்சி’ என்று விளித்து ‘நீங்கள்’ என்பார். இளைஞன் பெரியவர் இருவருக்கும் ‘நீங்கள்’ என்பான். விளியை முடிவுசெய்யும்போது உறவின் வரலாறும் முடிவுசெய்யப்படுகின்றது. உரையாடல் செயற்கையாக ஒலிக்கும் பல இடங்களில் பிழை சொற்களில் இல்லை, விளியில் இருக்கின்றது.

மூன்றாவது படி, வழக்கு வேறுபடாத இடத்தில் குரலை வேறுபடுத்துதல். ஓமந்தை ஆச்சியின் பேச்சும் யாழ்ப்பாண ஆசிரியரின் பேச்சும் இலக்கண வடிவங்களிற் பெரும்பாலும் நெருங்கியவை. ஆச்சியின் சொற்களை மேலும் சிதைத்து எழுதி வேறுபாட்டை உண்டாக்க முனைவது வாசகனைக் களைப்படையச் செய்யும். அவளை வேடிக்கைப் பொருளாகவும் ஆக்கும். வேறுபாடு அவர்கள் பேச்சினாற் செய்யும் காரியத்தில் இருக்கவேண்டும். ஆசிரியர் கேள்வி கேட்பவர். விடை வரும்வரை விடாதவர். காலத்தை மாதத்தின் பெயராற் கூறுபவர். ஆச்சி ஏவுபவள், கேட்டதற்கு விடையளிக்காது தன் கவலையைச் சொல்பவள், காலபோகத்தையும் சிறுபோகத்தையும் கொண்டு காலத்தை அளப்பவள். இவ்வடிப்படையில் அவர்களது பகுதி பின்வருமாறு மாறுகின்றது:

“உந்தக் குடையை ஒருக்கா இஞ்சாலை பிடியும் தம்பி.”

“ஆசுப்பத்திரிக்கோ ஆச்சி?”

“மோளுக்கு.”

“என்ன வருத்தம்? எப்ப தொடங்கினது? ஒக்ரோபரிலையோ?”

“காலபோகம் விதைக்க முன்னம். சுடுதண்ணி ஆறப்போகுது. உவங்கள் எப்ப விடுவாங்கள்?”

சுடுதண்ணிப் போத்தலைக் கையிற் கண்ட ஆசிரியர் மருத்துவமனையை ஊகித்துக்கொள்கிறார். ஆகவே அதனை அவள் விளக்கவேண்டியதில்லை. முதற் கைப்பிரதியில் அவள் பேசியது ஆசிரியருக்கன்று, வாசகனுக்கேயாகும். கேட்பவன் ஏற்கெனவே அறிந்ததை அல்லது கேளாததைப் பாத்திரம் நிறுத்திச் சொல்லுமானால், அச்செய்தி கதைசொல்லியின் வாக்கியத்திற்கோ காட்சிக்கோ உரியது. ‘உந்த’, ‘உவங்கள்’ என்பவற்றையும் மனங்கொள்ளவேண்டும். அண்மைக்கும் சேய்மைக்கும் இடைப்பட்டதைச் சுட்டும் உகரச்சுட்டு ஈழத்துப் பேச்சில் இன்றும் உயிருடன் இருக்கின்றது. சிப்பாய்களைச் சுட்டும் ‘உவங்கள்’ என்ற சொல்லில் இடமும் உண்டு, வெறுப்பும் உண்டு. இத்தகைய ஒரு வடிவம் பத்து ஒலிச்சிதைவுகளிலும் கூடிய பயனைத் தரும்.

நான்காவது படியே மிகக் கடினமானது. இளைஞனுக்கு எந்தப் பேச்சு? முதற் கைப்பிரதி அவனுக்கு வன்னிப் பேச்சை மட்டும் கொடுத்து, மலையகத் தொடர்பை ஒரு தகவலாகக் கூறிவிடுகின்றது. அதனைத் திருத்த முனைவோர் பெரும்பாலும் மறுகோடிக்குச் சென்று, அவன் வாயில் ‘வர்றேன்’, ‘தூக்கிக்கிட்டு’ என மலையக வடிவங்களையே முழுவதும் நிரப்புவர். அதுவும் பிழை. வன்னியிற் பிறந்து, அங்கேயே பாடசாலை சென்ற ஒருவனிடம் இரண்டு பேச்சுக்கள் இருக்கும்; எதை எவரிடம் பயன்படுத்துவது என்பதை அவன் சிறுவயதிலேயே கற்றிருப்பான். தனித்தன்மை என்பது பாத்திரத்தின் மீது ஒட்டப்படும் ஒற்றை முத்திரை அன்று. ஆகவே இரண்டையும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்கிறோம்:

“தாங்கோ ஆச்சி, நான் கொண்டு வாறன்.”

அவன் பின்னால் திரும்பினான். “அம்மா, நீ மொதல்ல போ. நான் பின்னால வர்றேன்.”

ஆசிரியர் குடையைச் சற்றுத் தாழ்த்தினார். “தம்பி எந்த இடம்?”

“ஓமந்தை.”

“அதில்லை. சொந்த இடம்?”

“இஞ்சைதான் பிறந்தனான்.”

இப்போது 1977ஐப் பற்றிய வாக்கியம் தேவையற்றதாகிவிட்டது. ‘வர்றேன்’ என்ற ஒரு சொல்லை ஆசிரியரின் காது பிடித்துக்கொள்கின்றது. அதன் பின்னரே அவரது கேள்வி பிறக்கின்றது. அவர் கொடியவர் அல்லர். கேள்வி கேட்கும் பழக்கமுடையவர் என்பதை முன்னரே கண்டோம். எனினும் ‘சொந்த இடம்’ என்ற சொல் இளைஞனை ஓமந்தைக்கு வெளியே நிறுத்துகின்றது. அவன் விடையில் வரும் ‘பிறந்தனான்’ என்பது ‘பிறந்தவன் நான்’ என்ற கருத்தைத் தரும் ஈழத்து வழக்கு. ‘இஞ்சைதான்’ என்ற அழுத்தத்தோடு அது இயல்பாக இணைகின்றது. தாயிடம் தன் வீட்டுப் பேச்சைப் பேசிய அதே வாய், ஊர்க்காரனின் இலக்கணத்திலேயே தன் உரிமையை நிறுவுகின்றது. முதற் கைப்பிரதியிலும் இதே சொற்கள் இருந்தன. ஆயினும் கேள்வியின்றி வந்ததனால் அவை வெறுந் தகவலாக நின்றன.

சிப்பாயின் பேச்சில் வேறொரு சிக்கல் உண்டு. ‘போகிறாய்’ எனத் தமிழிலக்கணம் பிழையாது பேசுவது அவனுக்கு இயல்பன்று. மறுபுறம், உடைந்த தமிழைக் கோமாளித்தனமாக எழுதுவது எளிதான வழி. பேச்சுச் சிங்களத்தில் வினைமுற்று பெரும்பாலும் இடத்திற்கேற்ப மாறுவதில்லை. நான், நீ, அவர் யாவர்க்கும் ‘யனவா’ என்ற ஒரே வடிவம் பொருந்தும். அப்பழக்கமுடையவன் தமிழிலும் ஒரு வடிவத்தையே எல்லோரிடமும் ஆள்வான். அதனால் அவனுக்கு இவ்வளவே கொடுக்கிறோம்:

“அம்மா, ஐ.சி. எங்க போற?”

‘அம்மா’ என்ற விளி மரியாதையைக் காட்டுகின்றது. ‘போற’ என்ற வினை அதனை மறுப்பதுபோல ஒலிக்கின்றது. விளி இல்லாவிடின் வாசகன் அவமதிப்பை மட்டுமே கேட்பான். விளி இருப்பதால் மொழிக் குறைவும் அதிகாரமும் ஒரே வாக்கியத்தில் பிரிக்க முடியாதவாறு நிற்கின்றன. ‘அதட்டினான்’ என்ற சொல்லும் இனி வேண்டியதில்லை. அதட்டினானா என்பதை ஆச்சியின் மறுமொழி காட்டட்டும்.

இறுதியாக எழுத்துக்கூட்டல். ‘இஞ்சை’ என ஓரிடத்திலும் ‘இஞ்ச’ என வேறோரிடத்திலும் எழுதினால் வாசகன் அவற்றை இருவரின் பேச்சாகக் கொள்வான். ஒவ்வொரு பாத்திரத்திற்கும் மூன்று அல்லது நான்கு வடிவங்களைத் தெரிந்து, அவற்றை அவரவர் தாளின் தலைப்பில் எழுதிவைத்து, கதை முழுவதும் மாறாது பேணுதல் போதுமானது. எஞ்சியவற்றைப் பொது வழக்கிலேயே விடலாம். மட்டக்களப்பு வாசகனும் மதுரை வாசகனும் பொருளை இழக்காமல் குரலைக் கேட்க இது துணைசெய்யும்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. தாளைப் பார்த்து எழுத்தாளன் தானே செய்யும் சோதனை அவனது காதின் அறிவிற்கு அப்பாற் செல்லாது. யாழ்ப்பாணத்தவர் எழுதிய மலையகப் பேச்சை மலையகக் குடும்பத்தவர் ஒருவரும், வன்னிப் பேச்சை வன்னியார் ஒருவரும் உரக்க வாசிக்கவேண்டும். அவர் எந்தச் சொல்லில் தயங்குகிறார், எதனைத் தம்மையறியாது மாற்றி வாசிக்கிறார் என்பதை அருகிலிருந்து குறித்துக்கொள்ளவேண்டும். அவ்வாறு மாற்றப்பட்ட சொல்லே பெரும்பாலும் சரியான சொல்லாக இருக்கும்.

ஓமந்தைச் சாவடி 2015இல் அகற்றப்பட்டது. ஆனால் ‘சொந்த இடம்?’ என்ற கேள்விக்குச் சாவடி தேவையில்லை. அந்த இளைஞனைப் போன்றோரைப் பற்றிய கதைகள் இனியும் எழுதப்படும். அவற்றில் அவனுக்கு மற்றவரின் குரலைக் கொடுத்துவிட்டால், அக்கேள்வியை அவனிடம் கேட்கவே கதையில் இடமிராது.