உஷார்! டி.டி.எஸ். பேனா காட்டாத உப்பு

தடா பக்கம் இந்தக் கோடையில் புதிதாக போர் போட்டவர்களும், பழைய போரை இன்னும் ஆழப்படுத்தியவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். குழாயில் வந்த தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்து, "கரிப்பு இல்ல, விடலாம்" என்று நிலத்துக்குத் திருப்பிவிட்டால் வினை வரும். பயிருக்கு ஆகாத தண்ணீரில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று கரித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று நாக்குக்கு நல்ல தண்ணீர் மாதிரியே இருக்கும். முதலாவது அந்தப் போகத்தைக் கெடுக்கும், இரண்டாவது மண்ணையே கெடுக்கும்.

பயப்படக் காரணம் இருக்கிறது. இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது மீஞ்சூர். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்த்துவைத்த அருமையான நிலத்தடி நீர் அது. 1960களின் இறுதியிலிருந்து சென்னைக்கும் மணலி ஆலைகளுக்கும் அங்கிருந்து இறைத்தார்கள், சுற்றிலும் விவசாயிகளும் இறைத்தார்கள். ஆரம்பத்தில் கடலோரத்தில் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் வரை மட்டும் தெரிந்த உப்பு, 1980களில் ஒன்பது கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே வந்துவிட்டது. 1987இல் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த தமிழக அரசு தனிச் சட்டமே போட்டது. அப்படியும் உள்ளே வந்த உப்பைத் திருப்பி அனுப்ப முடியவில்லை.

தடாவுக்குக் கிழக்கே கடலுக்கு முன்னால் பழவேற்காடு ஏரியே நிற்கிறது. வடகிழக்குப் பருவமழையில் காளங்கி ஆற்று வெள்ளம் சேர்ந்து உப்பு குறையும். கோடையில் வற்றி, சூளூர்பேட்டைப் பக்கம் சேற்றுவெளியில் வெள்ளையாக உப்புப் பூக்கும். இந்தக் கரைக்குப் பக்கத்தில் மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியில் உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். "தண்ணி குறைஞ்சா இன்னும் அம்பது அடி இறக்கு" என்கிற யோசனை கடற்கரைக்கு ஒத்துவராதது இதனால்தான்.

இறால் குட்டைகளின் கதையும் இதோடு சேர்ந்தது. எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், சிலிகா ஏரிக்கும் பழவேற்காடு ஏரிக்கும் ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று சொன்னது. குடிநீர்க் கிணறும் விளைநிலமும் உப்பாவது அந்த வழக்கின் முக்கியப் புகார்களில் ஒன்று. உங்கள் வயலுக்குப் பக்கத்தில் குட்டை இருந்தால், கடல் எத்தனை தூரம் என்று கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை.

சரி, பரிசோதனைக்கு வருவோம். வாட்டர் ஃபில்டர் விற்பவர் கொண்டுவரும் டி.டி.எஸ். பேனா மின்கடத்துதிறனை அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு என்பது அதில் ஓரளவுக்குத் தெரியும். எந்த உப்பு என்பது தெரியாது. அங்கேதான் ஏமாறுகிறோம்.

கணக்குப் புரிவதற்காக இரண்டு தண்ணீரை எடுத்துக்கொள்வோம். முதல் போர் கரிக்கிறது. மின்கடத்துதிறன், அதாவது ஈ.சி., 3.5. சோடியம் 20, கால்சியம் 8, மக்னீசியம் 7, பைகார்பனேட் 4. ஈ.சி. எண்ணுக்கு அலகு மீட்டருக்கு டெசிசீமன்ஸ், மற்றதெல்லாம் லிட்டருக்கு மில்லி ஈக்விவலன்ட் கணக்கு. இரண்டாவது போர் கரிக்கவில்லை, முதல் போரை விட சோப்பும் நன்றாக நுரைக்கிறது. ஈ.சி. 1.8, பேனாவில் ஏறக்குறைய 1150 காட்டும். சோடியம் 14, கால்சியம் 2, மக்னீசியம் 2, கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சேர்ந்து 8.

முதல் தண்ணீரில் சிக்கல் உப்பின் அளவு. வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல், ஈரத்தில் நின்றுகொண்டே பயிர் வாடும். எந்தப் பயிர் என்பதைப் பொறுத்துச் சேதம் மாறும். உலக உணவு வேளாண் நிறுவனத்தின் அட்டவணைப்படி 3.4 தண்ணீரில் நெல் விளைச்சல் சுமார் கால் பங்கு குறையும். வேர்க்கடலையோ 3.3இலேயே பாதியாகிவிடும். 2.1 வரை ஒன்றும் தெரியாமல் வந்த கடலை, அதற்கு மேல் சரசரவென்று சரியும். "பக்கத்து நெல்லு நல்லாத்தானே இருக்கு" என்று அதே தண்ணீரைக் கடலைக்கு விட்டவர் கதி அதோகதிதான். அந்த அட்டவணையும், பாய்ச்சும் தண்ணீரில் ஒரு பங்கு வேருக்குக் கீழே இறங்கி உப்பை அடித்துக்கொண்டு போகும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. வடிகால் இல்லாத தாழ்ந்த வயலில் இதைவிட மோசமாக இருக்கும்.

இரண்டாவது தண்ணீரின் வேலை வேறு. இதற்கு இரண்டு கணக்குப் போட வேண்டும். ஆய்வகத்தார் எஸ்.ஏ.ஆர். என்று சொல்லும் சோடிய விகிதம் ஒன்று:

SAR = Na ÷ √((Ca + Mg) ÷ 2)

14ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 9.9. ஆர்.எஸ்.சி. என்கிற எஞ்சிய சோடியம் கார்பனேட் இன்னொன்று. கார்பனேட், பைகார்பனேட் கூட்டுத்தொகையிலிருந்து கால்சியம், மக்னீசியத்தைக் கழிக்க வேண்டும்: 8 கழித்தல் 4, மீதி 4. இந்த எண் 1.25க்குள் இருந்தால் பயமில்லை, 2.5ஐத் தாண்டினால் ஆபத்து. நான்கு என்பது சிவப்பு விளக்கு. முதல் போருக்கு இதே கணக்கைப் போட்டால் எஸ்.ஏ.ஆர். 7.3தான் வருகிறது, ஆர்.எஸ்.சி. பூஜ்யத்துக்கும் கீழே. கரிக்கிற தண்ணீரை விடக் கரிக்காத தண்ணீர் மண்ணுக்கு மோசம்!

காரணம் இது. இந்தத் தண்ணீர் வயலில் காயும்போது பைகார்பனேட் கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்பாக உறைய வைத்துவிடும். மிஞ்சும் சோடியம் களிமண் துகளில் ஒட்டிக்கொள்ளும். கால்சியம் துகள்களைக் கட்டிப் பிடித்திருக்கும், சோடியம் பிரித்துவிடும். பிரிந்த துகள் துளைகளை அடைத்துக்கொள்ள, விட்ட தண்ணீர் இறங்காது. காய்ந்தால் பாளம் பாளமாக இறுகும், முளை மேலே வராது. நல்ல நிலம் களர் நிலமாகிற விதம் இது. கடலே எட்டிப் பார்க்காத பாறைப் பிரதேசத்துப் போர்களிலும் இந்தத் தண்ணீர் வரும், அதனால் மேற்கே இருப்பவர்களும் நிம்மதியாக இருக்க வேண்டாம்.

முதல் போர்க்காரர் தப்பித்தார் என்றும் நினைக்க வேண்டாம். உப்பு அதிகமாக இருக்கும்வரை துகள்கள் சேர்ந்தே கிடக்கும், மண் பொலபொலவென்று இருக்கும். அக்டோபர், நவம்பரில் மழை கொட்டி உப்பை அடித்துக்கொண்டு போகும். ஒட்டிய சோடியம் அப்படியே தங்கும். மழைநீரில் உப்பே கிடையாதே, எஸ்.ஏ.ஆர். ஆறைத் தாண்டிய மண்ணில் மேல்பரப்பு அப்போதுதான் அடைத்துக்கொள்ளும். கோடையில் செய்ததற்கு ஐப்பசியில் பதில் வருகிறது, நாமோ மழையைத் திட்டுகிறோம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த மண்கட்டி ஒன்றைச் சுண்டைக்காய் அளவுக்கு எடுத்து, கண்ணாடி டம்ளரில் பிடித்துவைத்த மழைநீரில் மெதுவாக விடுங்கள். போர்த் தண்ணீரை ஊற்றினால் உண்மை தெரியாது. கலக்காமல் இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். கட்டி உதிர்ந்து விழுந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி மங்கல் பரவி, அது படியாமலே நின்றால் சோடியம் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் மாதிரி எடுப்பதிலும் சொதப்புகிறோம். மோட்டார் போட்டவுடன் வருவது குழாயில் தேங்கியது. அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். பூச்சிமருந்து, ஆசிட் இருந்த பாட்டில் வேண்டவே வேண்டாம். குடிநீர் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி, காற்று இல்லாமல் மூடுங்கள். இடைவெளி விட்டால் உள்ளே பைகார்பனேட் மாறிவிடும். எந்தப் போர், எத்தனை அடி, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி, மறுநாளுக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். திருப்பதி வேளாண் கல்லூரி வட்டாரத்திலோ, எல்லைக்கு அந்தப் பக்கம் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, வேளாண் துறை ஆய்வகத்திலோ கேட்கும்போது, "தண்ணி டெஸ்ட்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். பி.எச்.சும் ஈ.சி.யும் மட்டும் போட்ட சீட்டு கைக்கு வரும். சோடியம், கால்சியம், மக்னீசியம், கார்பனேட், பைகார்பனேட் அத்தனையும் வேண்டும் என்று கேளுங்கள். சீட்டில் எண்கள் மில்லிகிராமில் இருந்தால் அப்படியே கணக்கில் போடக்கூடாது: சோடியத்தை 23ஆலும், கால்சியத்தை 20ஆலும், மக்னீசியத்தை 12ஆலும், பைகார்பனேட்டை 61ஆலும், கார்பனேட்டை 30ஆலும் வகுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது போருக்கு மருந்து ஜிப்சம். ஆர்.எஸ்.சி.யை ஓர் எண் குறைக்க ஆயிரம் லிட்டருக்குச் சுத்த ஜிப்சம் 86 கிராம் வேண்டும். நான்கிலிருந்து இரண்டுக்குக் கொண்டுவர 172 கிராம். ஓர் ஏக்கருக்கு ஐந்து சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சினால் சுமார் இரண்டு லட்சம் லிட்டர், அதற்கு 35 கிலோ. கடையில் கிடைப்பது எழுபது சதவீதச் சுத்தம் என்றால் ஐம்பது கிலோ மூட்டை ஒன்று, ஒவ்வொரு பாய்ச்சலுக்கும். கட்டுப்படியாகுமா என்பதை நீங்களே பாருங்கள். முதல் போரில் ஜிப்சத்தைக் கொட்டுவது காசுக்குப் பிடித்த கேடு. அங்கே பாசன ஏரித் தண்ணீரைக் கலப்பதுதான் வழி. 0.5 ஈ.சி. உள்ள ஏரித் தண்ணீரைச் சரிபாதி கலந்தால் 2 ஆகும், நெல் தாங்கும். கலக்கும் அளவுக்கு இல்லையென்றால் நாற்றங்காலுக்கும் பூக்கும் பருவத்துக்கும் நல்ல தண்ணீரை ஒதுக்கிவையுங்கள். நெல் அந்த இரண்டு நேரத்தில்தான் உப்புக்கு ரொம்பப் பயப்படும்.

ஈ.சி. நான்கைத் தாண்டினால் அந்த போரை நிறுத்துங்கள். நெல்லூர்ப் பக்க மணலில் அந்தக் காலத்திலிருந்து 'தொருவு' என்று ஆழமில்லாத குழி வெட்டி, மேலே மிதக்கிற நல்ல தண்ணீரை மட்டும் மெல்ல எடுத்திருக்கிறார்கள். பாபட்லாவில் உள்ள உவர்நீர் ஆராய்ச்சித் திட்டத்தார் அதையே குழாய் பதித்து மேம்படுத்தியிருக்கிறார்கள். மணல் நிலம் உள்ளவர்கள் விசாரித்துப் பார்க்கலாம். மற்றவர்கள் மே மாதக் கடைசியில் ஒரு பாட்டிலும் ஜனவரியில் ஒரு பாட்டிலும் கொடுத்துவிட்டு, ஈ.சி. போன மே மாதத்தைவிட ஏறியிருக்கிறதா என்று சீட்டை ஒப்பிடுங்கள். ஏறியிருந்தால் மோட்டார் ஓடும் நேரத்தை அன்றைக்கே குறைத்துவிடுங்கள்.