சவூதியில் மௌத் நேர்ந்தால்: ரியாத்தா, ஜித்தாவா?

ரமணாசிரமம் பகுதியில் நம் வீட்டுப் பிள்ளைகள் யாரேனும் சவூதியில் வேலை பார்த்தால், ஒரு விஷயத்தை முன்னதாகவே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அங்கே ஒருவர் மௌத்தாகிவிட்டால், ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுவருவதற்கும் அங்கேயே அடக்கம் செய்வதற்கும் நம் நாட்டுத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். சவூதியில் அந்தச் சான்றைத் தரும் இந்திய அலுவலகங்கள் இரண்டு. ரியாத்தில் இருப்பது தூதரகம், ஜித்தாவில் இருப்பது துணைத் தூதரகம்.

மக்கா, மதீனா, தபூக், அல் பாஹா, அஸீர், ஜீஸான், நஜ்ரான் ஆகிய மேற்கு, தென்மேற்கு மாகாணங்கள் ஜித்தாவைச் சேர்ந்தவை. ரியாத், தம்மாம் இருக்கும் கிழக்கு மாகாணம், கஸீம், ஹாயில் முதலியவை ரியாத்தைச் சேர்ந்தவை. மௌத் எந்த ஊரில் நடந்ததோ அதை வைத்துத்தான் அலுவலகம் முடிவாகும். கம்பெனியின் தலைமை அலுவலகமோ, உறவினர் இருக்கும் ஊரோ கணக்கில் வராது.

ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம். அண்ணன் கமீஸ் முஷைத்தில் ஓட்டுநர். அவருடைய கம்பெனிக்கு ரியாத்தில்தான் தலைமை அலுவலகம். தம்பி தம்மாமில் இருக்கிறார். அண்ணன் மௌத்தானதும், தம்பி தமக்குப் பழக்கமான ரியாத் தூதரகத்துக்கு ஓடுவார். ஆனால் கமீஸ் முஷைத் அஸீர் மாகாணத்தில் உள்ளது. விண்ணப்பம் ஜித்தாவுக்குத்தான் போக வேண்டும். இது தெரியாமல் போனால், ஜனாஸா மருத்துவமனைக் குளிர் அறையில் கிடக்க, நாட்கள் வீணாகும்.

இங்கே வீட்டார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மனைவி முதலான வாரிசுகள் சம்மதக் கடிதமும் அதிகாரப் பத்திரமும் எழுதி, நோட்டரியிடம் சான்று பெற்று அனுப்ப வேண்டும். அங்கேயே அடக்கமா, ஊருக்கு அனுப்புவதா என்பதை அதில் தெளிவாக எழுத வேண்டும். அங்கே காரியங்களைப் பார்க்கும் தம்பியின் பெயரும் இகாமா எண்ணும் அதில் இருக்க வேண்டும். மேலே விலாசம் எழுதும்போது, இந்தக் குடும்பத்துக்கு 'இந்தியத் துணைத் தூதரகம், ஜித்தா' என்பதே சரி. மருத்துவமனையின் இறப்பு அறிக்கை, போலீஸ் அறிக்கை, பாஸ்போர்ட், இகாமா நகல்களோடு தம்பி அங்கே விண்ணப்பிப்பார். madad.gov.in இணையதளத்தில் உதவி கேட்கும்போதும் இதே அலுவலகத்தைத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

அமீரகத்திலும் இப்படி இரண்டு உண்டு. அபுதாபி, அல் ஐன் என்றால் அபுதாபித் தூதரகம். துபாய், ஷார்ஜா, அஜ்மான் உள்ளிட்ட மற்ற ஆறு அமீரகங்களுக்கும் துபாய் துணைத் தூதரகம். குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமனில் ஒரே தூதரகம்தான். அங்கே இந்தக் குழப்பம் இல்லை.

ஆகவே, பிள்ளைகளிடம் "கம்பெனி எது?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், வேலை செய்யும் ஊர், மாகாணம் இரண்டையும் கேட்டு, பாஸ்போர்ட், இகாமா நகல்களோடு வீட்டில் எழுதி வையுங்கள். அவர் வேலை இடம் மாறும்போதெல்லாம் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.